கேமிங் லேப்டாப்பும் கோத்தகிரி பஸ்ஸும்: வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

தம்பி கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குத் தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறான். அவன் கேட்ட கேமிங் லேப்டாப்பை எதையும் பார்க்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீங்களாவது இதையெல்லாம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

1. தண்ணீர் பாட்டில் சோதனை

விளம்பரத்தில் 2.4 கிலோ என்று போட்டிருந்தால் அதில் சார்ஜர் சேராது. 230 வாட் சார்ஜர் வயரோடு முக்கால் கிலோவைத் தாண்டும். ஆக மூன்று கிலோவுக்கு மேல். ஒரு லிட்டர் பாட்டில் மூன்றில் தண்ணீர் நிரப்பி, நோட்டு, டிபன், குடையோடு பையில் போட்டு ஒரு வாரம் போய் வாருங்கள். உட்கார இடம் கிடைக்காத காலை பஸ்ஸில், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்து நிற்கும்போது தெரிந்துவிடும். மேல் தட்டில் வைக்கலாமே என்பார்கள். வேண்டாம், வளைவில் பை சரியும்.

2. சார்ஜரை வீட்டில் விட்டுப் போக முடியுமா?

நான் சறுக்கியது இங்கேதான். பேட்டரி 60 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்வோம். நோட்ஸ் எடுக்கும்போது 15 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம் வரும். தனி கிராபிக்ஸ் சிப் விழித்துக்கொண்டு 30 வாட் இழுத்தால் இரண்டே மணி நேரம்தான். மதியத்துக்குள் சார்ஜ் போட்டாக வேண்டும்.

கையடக்கமான 65 வாட் டைப்-சி சார்ஜர் போதும் என்று வாங்கினேன். செருகினால் அசைவே இல்லை. அந்த டைப்-சி துளை டேட்டாவுக்கும் டிஸ்ப்ளேவுக்கும் மட்டும்தானாம்! பக்கத்திலிருக்கும் மின்னல் குறியை நம்பாதீர்கள், தண்டர்போல்ட் என்கிற வேகமான டேட்டா இணைப்புக்கும் அதே மாதிரிக் குறிதான். அந்த மாடலின் விவரப் பக்கத்தில் டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதுவும் போதாது. கடையிலேயே ஒரு டைப்-சி சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

*பின்சேர்க்கை:* குன்னூர் வாசகர் ஒருவருக்கு வேறு சிக்கல். லேப்டாப் டைப்-சியை ஏற்கிறது, 100 வாட் சார்ஜரும் இருக்கிறது, ஆனால் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறுகிறது. காரணம் கேபிள். 3 ஆம்பியர் கேபிளில் 20 வோல்ட்டுக்கு 60 வாட்தான் போகும். 5 ஆம்பியர் கேபிள் மாற்றியதும் சரியானது. கேம் ஆடினால் 100 வாட்டும் போதாது, செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

3. விலை

தம்பி எழுதுவது பைத்தானும் ஜாவாவும். அதற்கு ஒன்றரை கிலோவுக்குள் வரும் 14 இஞ்ச் லேப்டாப்பே தாராளம், நான் கொடுத்ததை விடப் பல ஆயிரம் குறைவு. பிளெண்டரில் 3டி வேலை, வீடியோ எடிட்டிங் என்று இறங்குகிறவர்கள் மட்டும் கேமிங் பக்கம் பாருங்கள்.

இப்போது பெரிய சார்ஜர் ஊட்டியில் ஹாஸ்டல் நண்பனின் அறையிலேயே கிடக்கிறது. வீட்டுக்கு இன்னொன்று வாங்கினோம், அதுவும் என் காசில்.