மூன்றாவது சந்திப்பில் இரண்டு சிவப்புப் பேனை

போன மாதம் என் சித்தியின் மகன் வந்து, "அக்கா, ஞாயிற்றுக்கிழமை அவவைச் சந்திக்கிறன். வெறுங்கையோட போறதா, ஏதாவது கொண்டு போறதா?" என்று கேட்டான். அவன் புதிதாகப் பழகத் தொடங்கிய பிள்ளை அவ, அதற்கு முன்பு இருவரும் இரண்டு தடவைதான் சந்தித்திருந்தார்கள். அவன் ஏற்கெனவே ஒரு கைக்கடிகாரம் பார்த்து வைத்திருந்தான். அது வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக என்ன கொடுத்தான், எப்படிக் கொடுத்தான் என்பதை இங்கே ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

கடிகாரத்தை ஏன் வேண்டாம் என்றேன்? அவன் கையை விட்டுப் போன பிறகு அந்தக் கடிகாரத்துக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனால் அம்மா கேட்பார், "இது யார் தந்தது?" கட்டாமல் அலுமாரிக்குள் வைத்தால், அடுத்த முறை இவன் அவவின் கையைப் பார்ப்பான். இரண்டு பக்கமும் அவவுக்குத்தான் சங்கடம். திருகோணமலை சின்ன ஊர். டச் பே கடற்கரையில் அரை மணித்தியாலம் இருந்தால் தெரிந்த முகம் நாலாவது கடந்து போகும். இங்கே ஒரு பொருளைக் கொடுப்பதென்றால், அதற்கான விளக்கத்தையும் சேர்த்துத்தான் மற்றவர் தலையில் வைக்கிறோம்.

முதல் படி, அவர் சொன்னதிலிருந்து எடுப்பது. கடைக்குப் போய் யோசிக்கக் கூடாது. தம்பியிடம் கேட்டேன், "அவ உன்னோட கதைக்கேக்க சின்னச் சின்னதா என்ன சொன்னவ?" கொஞ்சம் யோசித்தான். அவ நிலாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா. தவணைப் பரீட்சை முடிந்து கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துகிறா. "சிவப்புப் பேனை ரெண்டு நாளைக்கு ஒண்டு முடியுது" என்று சிரித்துக்கொண்டு சொன்னாவாம். சரி, அதுதான் பொருள். இரண்டு சிவப்புப் பேனை.

இரண்டாவது படியில் மூன்று கேள்விகள். பொருள் முடிந்து போகுமா? பேனை முடியும், கச்சான் முடியும், பழம் முடியும். முடிந்துபோகிற பொருளை யாரும் பத்திரப்படுத்தத் தேவையில்லை. அடுத்தது, அவர் உங்களுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்தால் கணக்குச் சரியாகிவிடும் போல இருக்குமா? விலை அதற்கு மேலே போனால் அவர் மனதுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கடைசியாக, அவர் வேண்டாமென்றால் அதை நீங்களே பாவிக்கலாமா? இதைப் பலர் யோசிப்பதில்லை. உங்களுக்கே உதவக்கூடிய பொருள் என்றால்தான், அவர் மறுக்கும்போது உங்கள் முகம் வாடாது. முகம் வாடும் என்று தெரிந்தால் மறுக்க மனம் வராது.

சாப்பாடு கொடுப்பதென்றால் ஒன்றைக் கவனியுங்கள், நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. பல வருடங்களுக்கு முன்பு, புதிதாகப் பழகிய ஒருவருக்கு வீட்டில் செய்த பயற்றம் பணியாரத்தை எவர்சில்வர் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். பணியாரம் அன்றைக்கே முடிந்திருக்கும். பெட்டிதான் பிரச்சினை. எங்கள் வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். மூன்று கிழமை அது அவர்கள் வீட்டில் கிடந்தது. பிறகு அவருடைய அம்மா பெட்டி நிறையப் பலகாரம் போட்டு அனுப்பினார், கூடவே "எந்த வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வியும் வந்தது. நாங்கள் இருவரும் எதையும் முடிவு செய்யாத நேரம் அது. அதற்குப் பிறகு அவர் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். அதனால் தின்பண்டம் என்றால் கடதாசிப் பையில் மட்டும் கொடுங்கள். சட்டித் தயிர்கூட வேண்டாம், சட்டியை என்ன செய்வதென்று யோசிப்பார்.

இன்னும் இரண்டு பொருட்களைத் தவிர்க்கச் சொல்வேன். ஒன்று, கேட்காமலே போனுக்கு ரீலோட் போட்டுவிடுவது. அது பணம், பணம் என்றாலே கடன். அதோடு, நீ எடுத்துக் கதைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றது, புறாமலைத் தீவில் பொறுக்கிய முருகைக்கல். அழகாக இருக்கிறதே என்று சிலர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து முருகைக்கல்லை எடுத்து வருவது சட்டப்படி குற்றம். வாங்குகிறவரையும் அதில் மாட்டிவிடக் கூடாது.

மூன்றாவது படி, கொடுக்கிற விதம். பளபளக்கும் தாளில் சுற்ற வேண்டாம். சுற்றிக் கொடுத்தால் அவர் அங்கேயே பிரிக்க வேண்டும், பிரித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தம்பி பேனைகளைக் கடைக்காரர் தந்த சின்னக் கடதாசி உறையோடே கொண்டுபோனான். பள்ளிக்கூடத்துக்கோ வீட்டுக்கோ அனுப்பவும் வேண்டாம், நேரில் கையில் கொடுத்தால் போதும். பிறந்தநாளும் காதலர் தினமும் இந்தக் கட்டத்துக்குப் பாரமான நாட்கள். ஒன்றுமில்லாத ஞாயிறு பின்னேரம் நல்லது.

எந்த நேரத்தில்? வந்த உடனே கொடுத்தால் அந்தச் சந்திப்பு முழுவதும் அது நடுவில் கிடக்கும். பஸ் ஏறும்போது கையில் திணித்தால் மறுக்க இடமில்லை. எழும்புவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பு, பேச்சு அந்தப் பக்கம் வரும்போது கொடுக்கச் சொன்னேன். இன்னும் எத்தனை கட்டு மிச்சம் என்று அவன் கேட்டிருக்கிறான். அவ சொன்னதும், "புத்தகக்கடைக்குப் போனனான், நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. இந்தாங்கோ" என்று உறையை நீட்டிவிட்டு, நிலாவெளி பஸ் இப்போது நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான் பேச வேண்டும். "திருப்பி ஒண்டும் தரத் தேவையில்லை" என்று சொல்லாதீர்கள். அதைச் சொன்னால்தான் திருப்பித் தருகிற எண்ணமே வரும்.

அவர் "ஐயோ, வேண்டாம்" என்றால்? இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே வரும். வீட்டுக்கு வந்த விருந்தாளி வேண்டாமென்றால் மூன்று தரம் வற்புறுத்துவோம், மூன்றாவது தரம் அவர் எடுப்பார், இருவருக்கும் அந்த முறை தெரியும். புதிதாகப் பழகுகிறவரிடம் அந்த முறை சரிவராது, மரியாதைக்குச் சொல்கிறாரா மனதாரச் சொல்கிறாரா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒரு தரம் சொன்னால் போதும், "சரி, எனக்கும் பேனை தேவைதான்" என்று பைக்குள் வைத்துவிடுங்கள். மரியாதைக்குச் சொல்லியிருந்தால் அவரே சிரித்துக்கொண்டு கையை நீட்டுவார்.

கொடுத்த பிறகு அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. "நல்லா எழுதுதா?" என்று ஒரு செய்தி அனுப்பினாலும் அது நன்றி கேட்கிற மாதிரித்தான். பாரமாகிவிட்டதா என்பதை வேறு விதமாகக் கண்டுபிடிக்கலாம். இரண்டு மூன்று நாளுக்குள் உங்களுடையதைவிட விலைகூடிய ஒன்றைக் கொண்டுவந்தால் அவர் கடன் தீர்க்கிறார். திரும்பத் திரும்ப நன்றி சொன்னாலும், வழமையாக வரும் பதில்கள் சுருங்கினாலும் அப்படித்தான். அப்போது மன்னிப்பெல்லாம் கேட்டு விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம். அவர் தருவதை வாங்கிக்கொண்டு, அடுத்த சில சந்திப்புகளுக்கு ஒன்றும் கொண்டுபோகாதீர்கள்.

தம்பி அதற்குப் பிறகு இரண்டு கிழமை வெறுங்கையோடுதான் போனான். மூன்றாவது கிழமை டச் பேயில் அவ கச்சான் ஒரு சுருள் வாங்கி இருவருக்கும் நடுவில் வைத்திருக்கிறா. பாதி தீர்ந்த பிறகு கேட்டாவாம், "அந்தப் பேனை எந்தக் கடையில எடுத்தனீங்கள்? எங்கட ஸ்டாஃப் ரூமில இன்னொரு டீச்சர் கேக்கிறா."