கான்ட் சார்ட்: ஒரே ஆள் மேல் இரண்டு பட்டை

போன வாரம் இறுதியாண்டு மாணவர்கள் நாலு பேர் தங்கள் புராஜெக்ட்டின் கான்ட் சார்ட்டைக் காட்டினார்கள். 14 வாரம், வேலைக்கு ஒன்றாக ஒன்பது பட்டை. பார்த்ததும் என்னுடைய பழைய சார்ட் ஞாபகம் வந்தது. அதே தவறு. தேதி மாறுவது, நிறம் குழம்புவது எல்லாம் நீங்களே பிடித்துவிடுவீர்கள், அதை விடுகிறேன்.

பெயர் இல்லாத பட்டைகள்

எங்கள் புராஜெக்ட், மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தண்ணீர் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கருவி. கோடிங் 5 முதல் 9-ஆம் வாரம் வரை, போர்டில் சால்டரிங் 6 முதல் 8 வரை, 10, 11-இல் டெஸ்டிங், 12-இல் டெமோ. கோடிங்கும் சால்டரிங்கும் ஒரே வாரங்களில் வருவதால் நேரம் மிச்சம் என்று நினைத்தோம். இரண்டையும் செய்யவேண்டியவன் நான் ஒருவன்தான். சார்ட்டில் பெயரே போடாததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

வகுப்பு போக எனக்கு வாரம் 10 மணி நேரம் கிடைக்கும். கோடிங்குக்கே அந்த 10-ம் வேண்டும், சால்டரிங்குக்கு இன்னும் 8. மொத்த வேலை 50-ம் 24-ம் சேர்த்து 74 மணி நேரம். 5-ஆம் வாரம் தொடங்கினால் 12-ஆம் வாரத்தின் நடுவில்தான் முடியும். அதாவது டெமோ வாரத்தில். டெஸ்டிங் நடக்கவே இல்லை. டெமோ அன்று சென்சாரை ஈர மண்ணில் குத்தினோம், மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. எந்த அளவில் நிறுத்துவது என்று ஈர மண்ணில் வைத்து ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. சால்டரிங் போட்டிருந்த மூன்று வாரமும் இரண்டு நண்பர்கள் கையில் வேலை இல்லாமல் இருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

சார்ட்டை இடமிருந்து வலமாகப் படித்தால் இது தெரியாது. ஒரு வாரத்தை எடுத்து மேலிருந்து கீழே படியுங்கள். ஷீட்டில் B-இல் ஆள், C-இல் வார மணி நேரம், D-இல் தொடங்கும் வாரம், E-இல் முடியும் வாரம் போடுங்கள். அப்புறம் H1-இலிருந்து வலப்பக்கமாக வார எண்களும் G2-இலிருந்து கீழே பெயர்களும் வைத்து, H2-இல் இது:

```
=SUMIFS($C$2:$C$20,$B$2:$B$20,$G2,$D$2:$D$20,"<="&H$1,$E$2:$E$20,">="&H$1)
```

வலப்பக்கமும் கீழேயும் இழுத்தால் ஆளுக்கு ஒரு வரிசை வந்துவிடும். எந்தக் கட்டத்தில் 10-ஐத் தாண்டுகிறதோ, அந்த வாரத்தில் ஒரு பட்டையை வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டும், இல்லை நகர்த்தவேண்டும். எங்கள் சார்ட்டில் இதைப் போட்டிருந்தால் 6, 7, 8 மூன்றிலும் 18 என்று வந்திருக்கும், சால்டரிங் அன்றைக்கே கைமாறியிருக்கும். ஹென்றி கான்ட் தொழிற்சாலைகளுக்குப் போட்ட சார்ட்டுகளிலேயே ஆளுக்கு ஒரு வரிசை, இயந்திரத்துக்கு ஒரு வரிசை என்று ஒரு வகை உண்டு.

இன்டர்னல் தேர்வு வாரம்

அந்த வாரத்தில் பட்டையே வேண்டாம்.

ரிப்போர்ட்

கடைசி வாரத்தில் அல்ல, 3-ஆம் வாரத்தில் தொடங்குங்கள்.

"டெஸ்டிங்" என்று ஐந்து வாரப் பட்டை

உடையுங்கள். சென்சார் தனி, மோட்டார் தனி, இரண்டும் சேர்ந்து தனி.