கல்யாண ஸ்டூடியோவுக்கு முதல் மெயில்: கேலரி லிங்க்கும் கருவிப் பட்டியலும் தயார் செய்வது எப்படி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு ஒரே தேதியில் இரண்டு மூன்று கல்யாணம் விழும்போது சொந்த ஆட்கள் போதாது. அப்போதுதான் வெளியிலிருந்து இரண்டாவது போட்டோகிராபரைத் தேடுவார்கள். அந்த வேலைக்காக நீங்கள் அனுப்பும் மெயிலை ஸ்டூடியோக்காரர் பெரும்பாலும் போனில்தான் திறப்பார், அதுவும் வேறு வேலைக்கு நடுவில். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. லிங்க் உடனே திறக்கிறதா? ஒரு கல்யாணத்தை முதலிலிருந்து கடைசி வரை இவரால் எடுக்க முடியுமா? இவருடைய படங்கள் எங்கள் படங்களோடு ஒரே ஆல்பத்தில் சேருமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும்படி மெயிலைத் தயார் செய்வதுதான் இந்தப் பதிவு.

படி 1: ஒரே கல்யாணத்தைக் காட்டுங்கள்

பத்து கல்யாணங்களிலிருந்து நல்ல நல்ல படமாகப் பொறுக்கி நாற்பது வைப்பதைத்தான் புதியவர்கள் செய்வார்கள். அதைப் பார்த்து ஸ்டூடியோக்காரர் ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதிர்ஷ்டத்தில் விழுந்த படம் எல்லாரிடமும் இருக்கும். ஒரே கல்யாணத்தை எடுத்து, மணப்பெண் அலங்காரத்திலிருந்து ரிசப்ஷன் மேடை வரை நேர வரிசையில் 30, 35 படம் வையுங்கள். வேறு இடங்களில் எடுத்ததில் பத்து படத்துக்கு மேல் வேண்டாம், அதையும் தனி ஃபோல்டரில் போடுங்கள்.

நம் மாவட்டத்தில் சர்ச் கல்யாணம் நிறைய என்பதால் அதில் ஒன்று இருப்பது நல்லது. அனுபவமுள்ளவர் முதலில் தேடுவது மணப்பெண் வாசலில் நுழையும் படம். பின்னால் திறந்த கதவு வழியே வெயில், உள்ளே இருட்டு, உடலில் வெள்ளைச் சேலை, பக்கத்தில் கறுப்புக் கோட்டு. சேலையின் மடிப்பும் சரிகையும் தெரிகிறதா, முகம் கறுக்காமல் இருக்கிறதா, கோட்டு வெறும் கறுப்புத் திட்டாகிவிட்டதா என்று பெரிதாக்கிப் பார்ப்பார். இந்து கல்யாணமானால் தாலி கட்டும் நொடியும், அதை மறைக்கும் கூட்டத்துக்கு நடுவே நீங்கள் நின்ற இடமும் முக்கியம். இவற்றோடு பெரிய குடும்ப குரூப் படம் ஒன்றும், கலர் எல்இடி விளக்குள்ள மேடைப் படம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதை இங்கேயே பார்த்துவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆகவே மணமக்களிடம் நேராகக் காசு வாங்கி எடுத்ததானால் அவர்களிடமும், இன்னொரு ஸ்டூடியோவுக்காக எடுத்ததானால் அந்த ஸ்டூடியோவிடமும் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஒரே ஊருக்குள் ஸ்டூடியோக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அனுமதியில்லாத படம் எப்படியும் தெரிந்துவிடும்.

படி 2: படத்தின் அளவு

லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போது `Long Edge` 2048 பிக்சல், `Quality` 80, `Color Space` என்ற இடத்தில் `sRGB` வையுங்கள். போன் திரைக்கு இது தாராளம், படமும் சட்டென்று திறக்கும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்து அப்படியே ஏற்றினால் சில போன்களிலும் ஆப்களிலும் நிறம் வெளிறித் தெரியும். பார்ப்பவர் உங்கள் எடிட்டிங் மோசம் என்று நினைத்துவிடுவார்.

கோப்புகளுக்கு 01, 02 என்று எண்ணோடு பெயர் வையுங்கள். டிரைவ் பெயர் வரிசையில் காட்டும்போது கல்யாணமும் அதே வரிசையில் நகரும். ஒற்றை இலக்கத்தில் 1, 2 என்று வைத்தால் சில இடங்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் போய்வந்த படத்தை ஏற்றவே கூடாது. அது சுருங்கிப் போனது, படம் எடுத்த விவரமும் அதில் அழிந்திருக்கும்.

படி 3: லிங்க்

படங்களை மெயிலோடு இணைக்க வேண்டாம். ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இரண்டு ஃபோல்டர்களையும் வையுங்கள். வெளி ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து `Share` போங்கள். கீழே `General access` என்ற இடத்தில் முதலில் `Restricted` என்று இருக்கும். அதை `Anyone with the link` என்று மாற்றுங்கள். பக்கத்தில் `Viewer` என்றே இருக்கட்டும். தவறி `Editor` வைத்துவிட்டால் லிங்க் கிடைத்த யாரும் உங்கள் ஃபோல்டரில் கைவைக்கலாம். பிறகு `Copy link`.

லிங்க் வேலை செய்கிறதா என்பதை உங்கள் பிரவுசரில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நீங்கள் உரிமையாளர் என்பதால் உங்களுக்கு எப்போதும் திறக்கும். இன்காக்னிட்டோ டேபில் ஒட்டிப் பாருங்கள், அல்லது வீட்டில் இன்னொருவர் போனில் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். `Request access` என்ற பட்டன் வந்தால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். ஸ்டூடியோக்காரர் அந்தப் பட்டனைத் தட்டிவிட்டு உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்க மாட்டார், அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இலவசக் கணக்கில் 15 ஜிபி இடத்தை டிரைவும் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. ரா ஃபைல்களை அதே கணக்கில் கொட்டி இடம் நிறைந்துவிட்டால் ஜிமெயிலுக்கு மெயில் வருவதே நின்றுவிடும். ஸ்டூடியோ அனுப்பும் பதில் உங்களுக்கு வந்து சேராது. கேலரிக்கும் மெயிலுக்கும் வேலைக்கென்றே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அதில் வேறெதையும் ஏற்றாமல் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படி 4: கருவிப் பட்டியல்

இந்தப் பட்டியல் ஸ்டூடியோவின் கருவிகளோடு பொருத்திப் பார்ப்பதற்குத்தான். பை, கிளீனிங் கிட், டிரைபாட் எல்லாம் எழுதி நீட்ட வேண்டாம்.

பாடியின் முழு மாடலை எழுதுங்கள். ‘சோனி ஏ7’ என்றால் போதாது. ஏ7 III என்றால் 24 மெகாபிக்சல், ஏ7ஆர் III என்றால் 42. படத்தின் கனமும் எடிட்டரின் நேரமும் அதோடு மாறும். சந்தேகம் வந்தால் பாடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், ஏ7 III என்றால் `ILCE-7M3` என்று இருக்கும். ஸ்டூடியோ முழுக்க சோனி வைத்திருந்து நீங்கள் கேனன் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு பிராண்டிலும் தோல் நிறம் வேறு வேறாக விழும் என்பதால் எடிட்டர் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஆல்பம் முடிகிற நேரத்தில் தெரிந்தால் வேலை இரட்டிப்பாகும்.

அடுத்தது கார்டு ஸ்லாட். இரண்டு ஸ்லாட் உள்ள பாடியா, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்வீர்களா என்று ஒரு வரி போதும். கல்யாணம் திரும்ப நடக்காது. ஒரு கார்டு கெட்டாலும் இன்னொன்றில் படம் இருக்கும் என்ற உறுதி ஸ்டூடியோவுக்கு வேண்டும். அதோடு, மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போதே ஒரு கார்டை அவர்களிடம் கொடுத்துவிடவும் முடியும்.

லென்ஸில் அப்பர்ச்சரையும் சேர்த்து எழுதுங்கள். பல சர்ச்சுகளில் ஆராதனையின் நடுவே பிளாஷ் அடிக்கக் கூடாது என்பார்கள். எஃப்/4 லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் வெளிச்சத்தில், அதே ஷட்டருக்கு எஃப்/1.8 லென்ஸ் 1250க்கு அருகிலேயே முடித்துவிடும். ‘85 எஃப்/1.8’ என்று பார்த்தவுடன் பலிபீடத்துக்கு எதிரே உங்களை நிறுத்தலாம் என்று அவருக்குத் தோன்றும். ‘85 லென்ஸ்’ என்றால் தோன்றாது.

பிளாஷோடு டிரிக்கர் மாடலையும் விடாதீர்கள். ஸ்டூடியோ மேடையில் நிறுத்தும் லைட்டு கோடாக்ஸ் எக்ஸ் சிஸ்டமாக இருந்து, உங்கள் டிரிக்கரும் அதே சிஸ்டமாக இருந்தால் சேனலை ஒன்றாக வைத்து அவர்கள் லைட்டை நீங்களும் அடிக்கலாம். வேறு சிஸ்டம் என்றால் அன்றைக்கு அவர்கள் ஒரு டிரிக்கர் கூடுதலாகக் கொண்டுவர வேண்டும். இதை மண்டபத்தில் வைத்துக் கண்டுபிடிப்பதுதான் மோசம்.

ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தமா வாடகையா என்று எழுதுங்கள். வாடகைக்கு எடுப்பதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் முகூர்த்த நாளில் வாடகைக் கடையிலும் லென்ஸ் கிடைக்காது, அதனால்தான் கேட்கிறார்கள். சீரியல் எண்ணை முதல் மெயிலில் போட வேண்டாம்.

படி 5: மெயில்

தக்கலையில் இருக்கும் ஒருவர் நாகர்கோவில் ஸ்டூடியோவுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சப்ஜெக்ட் வரியிலேயே வேலை, ஊர், கேமரா மூன்றும் வந்துவிட வேண்டும். ‘வாய்ப்பு வேண்டி’ என்ற சப்ஜெக்டை யாரும் பிறகு தேடி எடுக்க முடியாது.

> சப்ஜெக்ட்: கல்யாண இரண்டாவது போட்டோகிராபர் – தக்கலை – சோனி ஏ7 III
>
> வணக்கம் சார்,
>
> தக்கலையில் இருந்து எழுதுகிறேன். கல்யாணங்களில் கேண்டிட் படங்கள் எடுக்கிறேன். உங்கள் ஸ்டூடியோவுக்கு இரண்டாவது போட்டோகிராபர் தேவைப்படும் தேதிகளில் வர விரும்புகிறேன்.
>
> ஒரு சர்ச் கல்யாணம், அலங்காரம் முதல் ரிசப்ஷன் வரை, 34 படங்கள்: (லிங்க்)
> மணமக்களின் சம்மதத்தோடு பகிர்கிறேன். எடுத்ததும் எடிட் செய்ததும் நான்தான்.
>
> பாடி: சோனி ஏ7 III, இரண்டு கார்டிலும் ஒரே நேரப் பதிவு (சொந்தம்)
> மாற்று பாடி: அதே மாடல் (வாடகை, தேதி உறுதியானதும் எடுப்பேன்)
> லென்ஸ்: 24-70 எஃப்/2.8, 85 எஃப்/1.8 (சொந்தம்)
> பிளாஷ்: கோடாக்ஸ் வி860 III ஒன்று, டிரிக்கர்: கோடாக்ஸ் எக்ஸ்2டி, சோனிக்கானது (சொந்தம்)
> கார்டு: 64 ஜிபி நான்கு. பேட்டரி: மூன்று
>
> ரா + ஜேபெக் இரண்டும் தருவேன். காலையில் உங்கள் மெயின் கேமராவோடு நேரத்தைச் சரிசெய்துகொள்வேன்.
>
> மார்த்தாண்டம் முதல் கன்னியாகுமரி வரை சொந்த வண்டியில் வந்துவிடுவேன்.
>
> (பெயர், போன் எண்)

நேரம் சரிசெய்வது பற்றிய அந்த ஒரு வரி சாதாரணமாகத் தெரியலாம். இரண்டு கேமராவின் கடிகாரத்திலும் நான்கு நிமிடம் வித்தியாசம் இருந்தால், எல்லாப் படத்தையும் நேர வரிசையில் அடுக்கும்போது தாலி கட்டும் படங்களுக்கு நடுவே அதற்கு முந்தைய ஜெபம் வந்து உட்காரும். எடிட்டர் கையால் பிரிக்க வேண்டும். அதில் சிரமப்பட்ட எந்த ஸ்டூடியோவும் இந்த வரியைக் கவனிக்கும்.

சம்பளத்தை முதல் மெயிலில் எழுத வேண்டாம். நிச்சயதார்த்தமா, ஒரு நாள் கல்யாணமா, எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் சொல்லும் தொகை இருவருக்கும் பொருந்தாது.

அனுப்பிய பிறகு

பதில் வரும்வரை அந்த ஃபோல்டரை அழிக்காதீர்கள், புதிதாக உருவாக்காதீர்கள். உள்ளே படத்தைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அதே லிங்க் வேலை செய்யும். ஃபோல்டரே போனால் லிங்கும் போய்விடும். இரண்டு மூன்று நாளில் பதில் இல்லையென்றால், ‘சார், தக்கலையிலிருந்து மெயில் அனுப்பியிருந்தேன், லிங்க் திறந்ததா?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு முறை கேளுங்கள்.

ஆர்வம் இருக்கிற ஸ்டூடியோ அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ரா ஃபைல்தான். எடிட்டிங்கை நீக்கிவிட்டுப் பார்த்தால் எக்ஸ்போஷர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பார்கள். கேலரியில் உள்ள 34 படங்களின் ரா ஃபைலையும் அதே எண்களில் பெயர் மாற்றி ஹார்ட் டிஸ்கில் வைத்திருங்கள். ‘7, 12, 20 அனுப்புங்க’ என்றால் அந்த மூன்றை மட்டும் தனி ஃபோல்டரில் ஏற்றி, அன்றே லிங்க் அனுப்பிவிடலாம்.