வண்டி நகர்வதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்: மைக் அறிவிப்பும் போன் காத்திருப்புக் குரலும் எழுதும் முறை

ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் அறிவிப்பைக் கேட்பவர் யார்? அடுக்களையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருப்பவர், மாடியில் துணி காயப்போடுபவர், குழந்தைக்குச் சோறு ஊட்டுபவர். "என்னமோ தண்ணின்னு சொன்னாங்களே, வருதாமா வராதாமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அந்த வீட்டிலும் தெரிந்திருக்காது. நோட்டீஸ் என்றால் மறுபடி எடுத்துப் படிக்கலாம், போன வண்டியைத் திருப்பிக் கூப்பிட முடியாது.

நகராட்சி, பேரூராட்சி, கோயில் விழாக் குழு, மருத்துவ முகாம் என்று எதற்காகவாவது முதல் முறையாக இப்படி ஓர் அறிவிப்பு எழுத வேண்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிநீர் நிறுத்தத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தவறாகக் காதில் விழுந்தால் ஒரு தெருவே அவதிப்படும் அறிவிப்பு அது.

படி 1: எத்தனை சொல் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள்

ஆட்டோ மெதுவாக, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில், வண்டி வருவதற்கு முன்னும் போன பின்னும் சேர்த்து 50, 60 மீட்டர் தூரம்தான் சொல் சொல்லாகப் புரியும். அதற்கு அப்பால் சத்தம் மட்டும் வரும். ஆக, ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 20 நொடி. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு குழாய் இருந்தால்தான் அதுவும். முன்னால் மட்டும் ஒன்று கட்டியிருந்தால், வண்டி வாசலைத் தாண்டியதுமே பேச்சு மங்கிவிடும்.

மைக்கில் நிதானமாகப் பேசினால் இரண்டு நொடிக்கு மூன்று சொல் என்று வைத்துக்கொள்ளலாம். 20 நொடிக்கு 30 சொல். வாக்கியங்களுக்கு நடுவே நிறுத்தவும் வேண்டும் என்பதால் 25 சொல்லோடு முடித்துக்கொள்வது நல்லது.

படி 2: 'இல்லை' எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

அலுவலகத்திலிருந்து கையில் கிடைக்கும் வாசகம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நமது நகராட்சிக்கு உட்பட்ட 12, 13, 14 ஆகிய வார்டுகளுக்குக் குடிநீர் வழங்கும் பிரதானக் குழாயில் ஏற்பட்டுள்ள உடைப்பைச் சரிசெய்யும் பணி நடைபெறவிருப்பதால், வரும் 18ஆம் தேதி புதன்கிழமை காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை மேற்படி வார்டுகளில் குடிநீர் விநியோகம் இருக்காது என்பதால், பொதுமக்கள் தேவையான குடிநீரை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தாளில் படித்தால் இதில் பிழையில்லை. ஆனால் 'இருக்காது' எங்கே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தின் 35ஆவது சொல். நம் கணக்குப்படி 30 சொல்லுக்குள் வண்டி அந்த வீட்டைத் தாண்டிவிடுகிறது. கேட்டவர் காதில் விழுந்தது "வார்டு, குடிநீர், குழாய், புதன்கிழமை, காலை 6 மணி" மட்டும்தான். புதன்கிழமை 6 மணிக்குத் தண்ணீர் வரும் என்று அவர் புரிந்துகொண்டால் அவர் மேல் குற்றமில்லை.

தமிழில் வினை கடைசியில் வரும். உண்டா இல்லையா என்பதும் அந்த வினையின் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். வாக்கியம் நீள நீள, முடிவு வண்டியோடு போய்க்கொண்டே இருக்கும். அதனால் வாக்கியத்தை ஐந்தாறு சொல்லில் முடியுங்கள். 'ஆல்', 'என்றும்', 'உம்' போட்டு அடுத்ததோடு ஒட்டாதீர்கள். குழாய் ஏன் உடைந்தது என்ற காரணம் நோட்டீஸில் இருக்கட்டும். தண்ணீர் பிடித்து வைப்பவருக்கு அது தேவையில்லை.

படி 3: பாதி கேட்டாலும் தப்பாகாத சொல்லைத் தேடுங்கள்

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. முதலில் எல்லோருக்கும் தோன்றுவது "புதன்கிழமை தண்ணீர் வராது" என்ற வாக்கியம். குட்டையாக, தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சில் 'வருது' என்றால் வருகிறது, 'வராது' என்றால் வரப்போவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் உயிரொலி. எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் குழாய் ஸ்பீக்கர் சத்தத்தில் அந்த வேறுபாடு கரைந்துவிடும். 34 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், எதிரொலி 0.2 நொடி கழித்து வந்து அடுத்த அசையின் மேல் விழும். 'வராது' என்பதற்குப் பதில் 'கிடையாது' என்று சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தில் அதையே 'நிறுத்தம்' என்று பெயர்ச்சொல்லாகச் சொல்லுங்கள். ஒன்று தப்பினாலும் மற்றது பிடிபடும்.

இன்னொரு வாக்கியமும் எல்லோருக்கும் எழுதத் தோன்றும்: "வியாழக்கிழமை காலையில் தண்ணீர் வரும்." இதன் பின்பாதி மட்டும் கேட்டவருக்கு "காலையில் தண்ணீர் வரும்" என்பதுதான் செய்தி. அறிவிப்பு சொல்ல வந்ததற்கு நேர் எதிர். "அடுத்து வியாழக்கிழமைதான் தண்ணீர்" என்று மாற்றினால், பின்பாதி மட்டும் கேட்டாலும் தீங்கில்லை. எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பாதியாவது எதிர்ப்பொருள் தந்தால் அந்த வாக்கியத்தை வைக்காதீர்கள்.

வார்டு எண்ணையும் எடுத்துவிடுங்கள். தன் வார்டு எண் தெரியாதவர்கள் நிறையப் பேர். தெருப் பெயர்களை வரிசையாகப் படிப்பது அதைவிட மோசம். மூன்று பெயர் மட்டும் காதில் விழுந்தவர் "நம்ம தெரு இல்லை" என்று உள்ளே போய்விடுவார். வண்டி அந்தத் தெருவிலேயே நிற்கிறதே, 'இந்தத் தெருவுக்கு' என்று சொன்னால் போதும். ஒரு நிபந்தனை: தண்ணீர் நிற்கும் தெருக்களில் மட்டும்தான் ஒலிபெருக்கி பாட வேண்டும், மற்ற தெருவைக் கடக்கும்போது அணைத்துவிட வேண்டும். இதை டிரைவரிடம் வாயால் சொன்னால் போதாது. வழியைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

'நாளை' என்று மட்டும் எழுதாதீர்கள். அதே பதிவு மறுநாளும் ஓடினால் நாள் மாறிவிடும். கிழமையும் கூடவே வரட்டும்.

படி 4: சுற்றாக எழுதுங்கள்

செவ்வாய்க்கிழமை ஓடப்போகும் வாசகம் இது:

தண்ணீர் அறிவிப்பு! தண்ணீர் அறிவிப்பு!
நாளை புதன்கிழமை இந்தத் தெருவுக்குத் தண்ணீர் கிடையாது.
புதன்கிழமை முழுக்கத் தண்ணீர் நிறுத்தம்.
இன்றைக்கே தண்ணீர் பிடித்து வையுங்கள்.
அடுத்து வியாழக்கிழமைதான் தண்ணீர்.
நகராட்சி அறிவிப்பு.

மொத்தம் 23 சொல். முதல் வரி காதைத் திருப்புவதற்கு மட்டும். அதைத் தவறவிட்டவர் எதையும் இழப்பதில்லை. 'தண்ணீர்' திரும்பத் திரும்ப வருவது படிக்க அலுப்பாக இருக்கும், ஆனால் 'அது', 'மேற்படி', 'அன்று' என்று போட்டால் நடுவில் கேட்கத் தொடங்கியவருக்கு எது, என்று என்பது தெரியாது. பாதிப் பேர் நடுவிலிருந்துதான் கேட்கிறார்கள். வரிகளைத் தனித்தனித் துண்டாக வெட்டி, முதல் வரியையும் கடைசி வரியையும் விட்டுவிட்டு, மற்றவற்றைக் கலைத்துப் போட்டுப் படியுங்கள். எந்த வரிசையிலும் பொருள் நிற்க வேண்டும்.

படி 5: பதிவு செய்து, கேட்காதவரிடம் கேளுங்கள்

வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்குவது நம் எல்லோருக்கும் பழக்கம். தமிழில் அங்கேதான் 'கிடையாது' இருக்கிறது. கடைசிச் சொல்லையும் முதல் சொல்லின் அதே பலத்தில் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு நொடி, ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு நொடி அமைதி. பின்னணி இசை வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் பேஸைக் குறைத்துவிடச் சொல்லுங்கள், சத்தம் கூட்டிக் கரகரப்பதைவிட அது பலன் தரும்.

பிறகு பதிவைப் போனில் போட்டு அடுத்த அறையில் வையுங்கள். மின்விசிறி ஓடட்டும். வாசகத்தைப் படிக்காத ஒருவரை இந்த அறையில் உட்காரவைத்து, பதிவை நடுவிலிருந்து ஓடவிட்டு 20 நொடியில் நிறுத்துங்கள். "என்றைக்கு? என்ன? நீங்கள் என்ன செய்ய வேண்டும்?" மூன்றில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் எந்தச் சொல் விழவில்லை என்று கேட்டு, அந்தச் சொல்லை மாற்றுங்கள்.

வண்டி கிளம்பும் முன் காவல்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக வரையறுக்கப்படும் இடம், அங்கேயும் அணைத்துவிட வேண்டும்.

படி 6: போனில் காத்திருப்பவருக்கு எழுதும்போது

இங்கே கேட்பவர் நகர்வதில்லை, காதும் நம்மிடம்தான் இருக்கிறது. சிக்கல் வேறு. இசை நின்று குரல் வந்ததும் ஆள் எடுத்துவிட்டார் என்று நினைத்து "ஹலோ" என்பார். இரண்டு மூன்று முறை ஏமாந்தால் வைத்துவிடுவார். பதிவுக் குரல் வரும் ஒவ்வொரு முறையும் முன்னால் ஒரே மாதிரி சின்ன மணி ஒலிக்கட்டும், ஆள் எடுக்கும்போது அது வேண்டாம். இரண்டாவது முறையிலேயே அவருக்குப் பழகிவிடும்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்பதை எடுத்துவிட்டு, அழைத்தவர் போனை வைக்க உதவும் செய்தியை முதலில் சொல்லுங்கள். ஒரு கிளினிக்குக்கு என்றால்: "ஞாயிற்றுக்கிழமை டாக்டர் லீவு. டோக்கன் மாலை நாலு மணிக்கு மேல். லைனில் இருப்பவர்கள் பழைய சீட்டைக் கையில் வைத்திருங்கள்." எண் அழுத்தும் பட்டியலில் காரியம் முன்னால், எண் பின்னால்: "டோக்கனுக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு இரண்டு." எண்ணை முதலில் சொன்னால் காரியம் வருவதற்குள் அது மறந்துபோகும்.

போன் நம்பர் சொல்வதாக இருந்தால் "நம்பர் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, பேனா எடுக்க நான்கு நொடி விடுங்கள். ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 காதில் நிற்பதற்குக் காரணம், முதல் ஐந்தும் பின் ஐந்தும் ஒன்றாக இருப்பதுதான். நம் நம்பருக்கு அந்த வசதி இருக்காது. பழைய போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் கடத்தும், மெய்யொலிகளின் கூர்மை அதில் போய்விடும். 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். நம் ஊரில் நம்பரை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதுதான் பழக்கம், ஆகவே முதலில் ஆங்கிலத்தில் ஒரு முறை, அடுத்து 'ஐந்து', 'ஒன்பது' என்று தமிழில் ஒரு முறை. வண்டி அறிவிப்பில் பத்து இலக்க நம்பர் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, பதிவின் ஃபைல் பெயரிலேயே அதை எடுத்துவிட வேண்டிய தேதியைச் சேர்த்துவிடுங்கள். 'பொங்கல் விடுமுறை, ஜனவரி 18 எடுக்கவும்' என்று பெயர் இருந்தால், பிப்ரவரியில் அழைப்பவர் பொங்கலுக்கு லீவு என்று கேட்க வேண்டியிருக்காது. ஆட்டோவுக்குக் கொடுக்கும் பென்டிரைவிலும் இன்றைய பதிவு ஒன்று மட்டும் இருக்கட்டும்.