பன்னட் கட்டத்தில் 1/2 என்று எழுதுபவர்கள் அடிக்காமல் விடும் பெட்டி

நீட் பயிற்சியில் 3:1 விகிதத்தை ஒப்பிக்காத மாணவர் இல்லை. ஆனாலும் கீழே உள்ள கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஏற்காட்டுப் பெண் ஒருத்தி. அவளுக்கோ பெற்றோருக்கோ நோயில்லை; அக்காவுக்கு மட்டும் கதிர் அரிவாள் இரத்த சோகை. கணவர் சேலத்துக்காரர், இரத்தப் பரிசோதனையில் AS, அதாவது கடத்தி என்று தெரிந்திருக்கிறது. முதல் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு?

எடுத்த எடுப்பிலேயே கட்டம் போடாதீர்கள். முதலில் இந்தக் குடும்பத்தின் மரபுவழி வரைபடத்தைப் படியுங்கள். நோயில்லாத பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை என்றால் பண்பு ஒடுங்கு பண்பு. நோயுள்ளவர் அண்ணனாக இருந்தால், அந்த வரைபடத்தை மட்டும் வைத்து X சார்ந்ததா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. அக்கா என்பதால் சொல்லிவிடலாம்: X சார்ந்த ஒடுங்கு பண்பாக இருந்திருந்தால், மகளுக்கு நோய் வர அப்பாவுக்கும் நோய் இருந்தாக வேண்டும். அவருக்கு இல்லை. எனவே இது உடற்குரோமோசோமில் உள்ளது; பெற்றோர் இருவரும் AS.

இனி அந்தப் பெண். AS × AS கட்டத்தில் AA, AS, AS, SS என நான்கு பெட்டிகள். "நான்கில் இரண்டு AS, ஆகவே 1/2" என்று எழுதுவதுதான் பெரிய தவறு. அவளுக்கு நோயில்லை என்று கேள்வியே சொல்லிவிட்டது. SS பெட்டியை அடித்துவிடுங்கள். மிச்சமுள்ள மூன்றில் இரண்டு AS. அவள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 2/3. இருவரும் கடத்தியானால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 1/4. பெருக்கினால் 2/3 × 1/4 = 1/6. குழந்தை இன்னும் பிறக்கவில்லை, அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் அந்தக் கட்டத்தில் எந்தப் பெட்டியையும் அடிக்கக் கூடாது.

இப்போது கேள்வியை நீட்டுவோம். முதல் குழந்தை நோயில்லாமல் பிறந்துவிட்டது, இரண்டாவதற்கு? "ஒவ்வொரு பிறப்பும் தனித்தனி, அதே 1/6" என்பார்கள். பெற்றோரின் மரபுவகை உறுதியாகத் தெரிந்தால் அது சரி. இங்கே தாயின் மரபுவகை நமக்கு இன்னும் தெரியாது. முதல் குழந்தை அதைப் பற்றிக் கொஞ்சம் துப்புக் கொடுக்கிறது. தாய் AS, குழந்தைக்கு நோயில்லை: 2/3 × 3/4 = 1/2. தாய் AA, குழந்தைக்கு நோயில்லை: 1/3 × 1 = 1/3. இரண்டையும் கூட்டினால் 5/6. அதில் AS-இன் பங்கு 1/2 ÷ 5/6 = 3/5. இரண்டாம் குழந்தைக்கான வாய்ப்பு 3/5 × 1/4 = 3/20. 1/6-ஐவிடக் குறைவு. ஒவ்வொரு நோயில்லாத குழந்தைக்கும் தாயின் பின்னம் இன்னும் இறங்கும்; ஆனால் பூஜ்யம் ஆகாது. நோயுள்ள குழந்தை ஒன்று பிறந்தாலோ, தாய் AS என்பது உறுதியாகிவிடும். அடுத்ததற்கு நேராக 1/4.

இந்த 2/3 எல்லாம் தாய்க்குப் பரிசோதனை செய்யாதவரைதான். கதிர் அரிவாள் நோயில் கடத்தியை ஹீமோகுளோபின் பரிசோதனையே காட்டிவிடும். கேள்வியில் "தாய்க்கு AS என முடிவு வந்தது" என்ற ஒரு வரி இருந்தால், வரைபடத்தில் இருந்து எடுத்த பின்னத்தை விட்டுவிட்டு 1/4 என்று எழுதுங்கள். AA என்றால் எந்தக் குழந்தைக்கும் SS வராது.