ஐந்தாவது பொருளில் வழுக்கும் கணக்கு

காட்பாடியில் பொருளியல் டியூஷன் எடுக்கிறேன். தேர்வு நெருங்கினால் வாட்ஸ்அப்பில் வினாத்தாள் போட்டோக்களாக வந்து குவியும். போன வாரம் ஒரு பையன் குடியாத்தம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அனுப்பிய அட்டவணை இது. சந்தையில் ஒரே விற்பனையாளரான முற்றுரிமையாளருக்கு எத்தனை பொருள் விற்றால் இலாபம் உச்சம் என்பது கேள்வி.

| அளவு | விலை (ரூ.) | மொத்தச் செலவு (ரூ.) |
|---|---|---|
| 0 | – | 50 |
| 1 | 100 | 90 |
| 2 | 90 | 120 |
| 3 | 80 | 155 |
| 4 | 70 | 190 |
| 5 | 60 | 240 |
| 6 | 50 | 300 |

"சார், 5 தானே?" என்றான். கல்லூரியில் நானும் இதையேதான் எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன்.

விலையையே இறுதிநிலை வருவாயாக எடுப்பது

இன்னும் ஒன்று விற்றால் மொத்த வருவாயில் கூடுவது இறுதிநிலை வருவாய், மொத்தச் செலவில் கூடுவது இறுதிநிலைச் செலவு. அவன் போட்ட கணக்கு இது: ஐந்தாவது பொருளுக்கு ஆகும் கூடுதல் செலவு 50, விலை 60, ஆகவே பத்து ரூபாய் மிச்சம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நிறைவுப் போட்டியில் சரியும்கூட, ஏனென்றால் அங்கே ஒருவர் எவ்வளவு விற்றாலும் சந்தை விலை அசையாது. அந்தப் பாடத்தை முதலில் படித்துவிட்டு வருவதால் பழக்கம் கையோடு ஒட்டிக்கொள்கிறது.

முற்றுரிமையாளர் ஐந்தாவதை விற்க விலையை 70-இலிருந்து 60-க்கு இறக்க வேண்டும். ஐந்தாவது ஆளுக்கு மட்டும் தனி விலை கிடையாது. முதல் நான்கு பேரும் 60தான் கொடுப்பார்கள். புதிதாக வருவது 60, பழைய நால்வரிடம் தலைக்குப் பத்தாகப் போவது 40. நிகரமாகக் கைக்கு வருவது 20. அதற்குச் செலவு 50! மொத்த வருவாயில் பார்த்தாலும் அதே 20தான்: 280 இருந்தது 300 ஆகிறது.

நான்காவதில் இறுதிநிலை வருவாய் 280 − 240 = 40, இறுதிநிலைச் செலவு 35. அதுவரை விற்கலாம். நான்கில் இலாபம் 280 − 190 = 90. பையன் சொன்ன ஐந்தில் 300 − 240 = 60. முப்பது ரூபாய் போச்சு. இத்தனை வருடம் கழித்தும் இந்த 5-ஐ விடைத்தாளில் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இறுதிநிலை வருவாயும் இறுதிநிலைச் செலவும் சமமாகும் வரிசையைத் தேடுவது

இந்த அட்டவணையில் அப்படி ஒரு வரிசையே இல்லை. இறுதிநிலை வருவாய் இறுதிநிலைச் செலவுக்குக் குறையாத கடைசி வரிசையில் நில்லுங்கள்.

விலை 40 என்று எழுதுவது

40 இறுதிநிலை வருவாய். விலை 70.

அளவு பத்துப் பத்தாக ஏறினால்

வரிசைக்கு வரிசை மொத்தத்தில் வரும் வித்தியாசத்தைப் பத்தால் வகுக்க வேண்டும்.

மேல் வரிசை வெட்டுப்பட்ட போட்டோ

முதலில் வந்த போட்டோவில் பையனின் கட்டைவிரல் 0 வரிசையை மறைத்திருந்தது. அதனால் முதல் பொருளின் இறுதிநிலைச் செலவை 90 என்று வைத்துக்கொண்டான், உண்மையில் 40. மீதி 50 நிலையான செலவு, ஒன்றுகூட விற்காவிட்டாலும் ஆகும். இந்த முறை அதனால் விடை மாறவில்லை. நிலையான செலவு 70 ஆக இருந்தால் முதல் வரிசையில் 110 நிற்கும். வருவாய் 100தான் என்று பார்த்துவிட்டு, "உற்பத்தியே வேண்டாம்" என்று எழுதியிருப்பான். அப்போதும் சரியான விடை 4தான். மேல் வரிசை தெரியாவிட்டால் இரண்டாவது பொருளிலிருந்து கழிக்கத் தொடங்கச் சொன்னேன். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றதும் முழுப் பக்கத்தையும் எடுத்து அனுப்பினான்.