கிளினிக் பில்லில் பணம் கூடிவிட்டதா? மேலாளர் மன்னிப்புக் கடிதம் எழுதும் முறை

காய்ச்சலுக்கு வந்த ஒருவருக்கு 350 ரூபாய் ரத்தப் பரிசோதனை பில்லில் இரண்டு முறை ஏறியிருக்கிறது, 1,450 கட்ட வேண்டியவர் 1,800 கட்டிவிட்டுப் போய்விட்டார், மறுநாள் அவருடைய மகள் போனில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சரிபாருங்கள். பில்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ச்சலில் பிளேட்லெட் எண்ணிக்கை பார்க்க மறுபடி ரத்தம் எடுப்பது வழக்கம்தான், அதனால் இரண்டு வரி இருந்தாலே தவறு என்றாகாது. லேப் பதிவேட்டில் சாம்பிள் எண்ணையும் நேரத்தையும் பாருங்கள். ஒரே சாம்பிள்தான் என்றால் 350 ரூபாய் கூடுதல்.

அடுத்து பணம். கடிதம் போவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள். பணம் வராத மன்னிப்பை யாரும் நம்பமாட்டார்கள். பழைய பில்லை ரத்து செய்து திருத்திய பில்லும் கொடுங்கள். அவர் காப்பீட்டுக்குப் பழைய பில்லை அனுப்பியிருந்தால் புதியது கட்டாயம் தேவைப்படும்.

அப்புறம் கடிதம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் ஏன் நடந்தது என்று விசாரணை முடியும் முன் எழுதாதீர்கள். "எங்கள் கவனக்குறைவால்" என்ற சொல் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டை நீங்களே ஒப்புக்கொண்டதாகக் காட்டப்படலாம். அதற்குப் பயந்து "சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்றும் எழுதாதீர்கள், ஏனென்றால் அந்த "இருந்தால்" அவர் சொல்வதையே சந்தேகிக்கிறது.

இப்படி எழுதலாம்:

> வணக்கம் ஐயா. உங்கள் பில்லில் ஒரு பரிசோதனைக்கான 350 ரூபாய் இரண்டு முறை சேர்க்கப்பட்டிருப்பதைப் பதிவேட்டில் உறுதிசெய்தோம். உடல்நிலை சரியில்லாத நேரத்தில் பில்லுக்காகவும் நீங்கள் அலைய நேர்ந்ததற்கு மனமார மன்னிப்புக் கேட்கிறேன். கூடுதல் தொகையை நீங்கள் பணம் செலுத்திய கணக்கிற்கே இன்று அனுப்பிவிட்டோம். திருத்திய பில் இத்துடன் உள்ளது. இது எப்படி நேர்ந்தது என்று பார்த்து வருகிறோம். தெரிந்ததும் நானே உங்களிடம் சொல்கிறேன். வேறு சந்தேகம் இருந்தால் என்னை நேரடியாக அழையுங்கள்.

இதில் தொகை இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது, யார் மேலும் பழி இல்லை. "புதிதாகச் சேர்ந்த பெண் தெரியாமல் போட்டுவிட்டார்" என்று எழுதினால் பயிற்சி தராமல் உட்கார வைத்தீர்கள் என்றாகிவிடும், அந்தப் பெண்ணுக்கும் அது அநியாயம்.

அனுப்பும்போது நோயாளிக்கே அனுப்புங்கள். அவர் கூகுள் ரிவ்யூவில் புகார் எழுதியிருந்தால் அங்கே பரிசோதனையின் பெயர், நோய் எதையும் சொல்லாமல், அழைக்க ஒரு எண் மட்டும் கொடுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதற்கு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து கேட்கவே கேட்காதீர்கள், அது அவருடைய பணம்.

இதே தவறு பல பில்களில் இருந்தாலோ, வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டாலோ இந்த மாதிரிக் கடிதம் போதாது; உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அனுப்புங்கள்.